சீகிரியா இறங்கின ஞாயிறு

கிழமைக்கு நாலு நாள் ஜிம். திங்களும் வியாழனும் கால், செவ்வாயும் வெள்ளியும் மேலுடம்பு. போன விடுமுறையில ஒரு ஞாயிறு, ஓய்வு நாள்தானே என்று சீகிரியா ஏறினோம். சுமார் 1,200 படி. ஏறும்போது மூச்சு வாங்கியதோடு சரி. தொடையைப் பதம் பார்த்தது இறக்கம்தான்: ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடம்பைத் தாங்க வேணும். அன்றைக்கு நோவே இல்லை. திங்கள், ஐந்து தடவை எழும்புற 80 கிலோ ஸ்குவாட் மூன்றோடு நின்றது. செவ்வாய் வகுப்பறைப் படி இறங்கவே கைப்பிடி தேவைப்பட்டது, பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

இப்போ ஞாயிறு சுபஹுக்குப் பிறகு சமதரையில அரை மணித்தியாலம், கதைச்சுக்கொண்டே போற வேகத்தில நடை. கதை தடைப்பட்டா வேகம் கூடிட்டு என்று அர்த்தம். மலை ஏறத்தான் வேணுமென்றால் விடுமுறை வியாழன்ல, அன்றைய கால் பயிற்சிக்குப் பதிலாக. அடுத்த ஸ்குவாட்டுக்கு நாலு நாள் இருக்கும்.