செல்போனில் மாதாந்திரக் களையெடுப்பு

செல்போனில் மாதம் ஒருமுறை செய்யும் துப்புரவு, செயலிகளுக்குத் தந்த அனுமதிகளில் தொடங்கிப் பயன்படாத செயலிகள், தொடர்பு எண்கள், பழைய பதிவுகள் என்ற வரிசையில் போவது நல்லது. அனுமதிகளைப் பார்க்கும்போதே எந்தச் செயலி இனித் தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டு போனில் Settings-ஐத் திறந்து, தேடல் கட்டத்தில் Permission manager என்று தட்டினால் இருப்பிடம், கேமரா, மைக், தொடர்புகள் என அனுமதிவாரியாகப் பட்டியல் வரும். முதலில் திறக்க வேண்டியது இருப்பிடம். அதில் Allowed all the time என்ற தலைப்பின் கீழ் இருப்பவை, போன் சட்டைப்பையில் கிடக்கும்போதும் ஆள் போகும் இடத்தை அறியக்கூடியவை. டாக்ஸி, உணவுச் செயலிகளுக்கு Allow only while using the app என்பதே போதும். ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளைப் போனே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆனால் எப்போதாவது ஒருமுறை திறக்கப்படும் செயலி அந்த வலையில் சிக்காது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

தொடர்புகளுக்கான அனுமதியில் கூடுதல் கண்டிப்பு தேவை. அதைக் கொடுப்பவர் தன் விவரத்தை மட்டும் கொடுப்பதில்லை. தன்னை நம்பி எண் தந்த அத்தனை பேரையும் சேர்த்தே கொடுக்கிறார். கடன் செயலிகள் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தவணை தவறியவரின் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்து அவமானப்படுத்திய கொடுமை இந்தியாவில் பரவலாக நடந்தது. 2022-இல் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றது. 2023-இல் கூகுள் பிளே ஸ்டோரும் அதே தடையைக் கொண்டுவந்தது. அனுமதியை இன்று ரத்து செய்தாலும், முன்பே நகலெடுத்துச் சென்ற எண்கள் திரும்பி வருவதில்லை. அதனால்தான் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது செயலிகள். பிளே ஸ்டோரில் Manage apps & device பகுதிக்குப் போய் Least used என்று வரிசைப்படுத்தினால், மறந்துபோனவை மேலே வந்து நிற்கும். தீபாவளித் தள்ளுபடிக்காக இறக்கிய ஒரு துணிக்கடைச் செயலி அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை அப்படியே Uninstall செய்வது, வேரை விட்டுவிட்டுக் களையின் தலையை மட்டும் கிள்ளுவது போல. பெயர், முகவரி, வாங்கியவற்றின் பட்டியல் எல்லாம் கடையின் கணினியிலேயே இருக்கும். எனவே முதலில் செயலிக்குள் போய், சேமித்த கார்டு எண்ணை நீக்கிக் கணக்கை அழிக்க வேண்டும். கூகுள் கணக்கு வழியாக உள்நுழைந்திருந்தால், myaccount.google.com/connections பக்கத்தில் அந்த இணைப்பையும் துண்டிக்க வேண்டும். செயலியை நீக்குவது கடைசி வேலை. மாதச் சந்தா உள்ள செயலி என்றால் இன்னும் கவனம் வேண்டும்: செயலி போனாலும் பிளே ஸ்டோர் சந்தா ரத்தாகாது, பணம் பிடித்தம் ஆகிக்கொண்டே இருக்கும். யு.பி.ஐ. ஆட்டோபே அனுமதியும் அப்படித்தான்.

தொடர்பு எண்களில் இரட்டைப் பதிவுகளைச் சேர்ப்பது சின்ன வேலை. கூகுள் காண்டாக்ட்ஸில் உள்ள Merge & fix அதைப் பார்த்துக்கொள்ளும். பெரிய விஷயம், கைமாறிய எண்கள். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை, குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய வீட்டுக்காரரின் எண் இப்போது முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் புரொஃபைல் படத்தை My contacts என்று பூட்டி வைத்திருந்தாலும், அந்த எண் பட்டியலில் இருக்கும்வரை புதியவருக்கும் படம் தெரியும். தெரிந்தவரின் பெயருக்கு எதிரே தெரியாத முகம் வந்தால் எண் கைமாறியிருக்கலாம். வேறு வழியில் விசாரித்துவிட்டு நீக்குவது நல்லது. இறந்தவர்களின் எண்ணை அழிக்க மனம் வராது. அது இயல்பே. அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போனிலிருந்து எடுத்துவிடலாம்.

பழைய பதிவுகளை ஒரே மூச்சில் பார்த்து முடிக்க முடியாது. மாதத்துக்கு ஓர் ஆண்டின் பதிவுகள் என்று எடுத்துக்கொண்டால் கைக்கு அடங்கும். ஃபேஸ்புக்கில் Activity log பகுதியில் ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். தேட வேண்டியவை வீட்டுக் கதவு எண் தெரியும் கிரகப்பிரவேசப் படம், பள்ளியின் பெயர் தெரியும் குழந்தையின் சீருடைப் படம், பிறந்த தேதியைச் சொல்லிவிடும் வாழ்த்து போன்றவை. அழிக்க மனமில்லாதவற்றை Archive செய்தால் உரியவர் மட்டும் பார்க்கலாம். பிறர் ஏற்கெனவே தரவிறக்கிக்கொண்ட படத்தை மட்டும் எதுவும் செய்ய முடியாது.

ஃபேஸ்புக்கில் Trash-க்குப் போன பதிவும் கூகுளில் அழித்த தொடர்பும் 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். தவறிப்போய் அழித்ததை மீட்க நினைப்பவர், அடுத்த மாதத் துப்புரவு வரை காத்திருக்காமல் அதற்குள் எடுத்துவிட வேண்டும்.