கௌமாரியின் பெயரில் ஒளிந்த பிழைகள்

வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் கோயில் கொண்ட கௌமாரியம்மனைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதைகளை, பல ஆண்டுகளுக்கு முன் நண்பரொருவர் கேட்டு எழுதி, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருந்தார். சொன்னவர்களில் சிலர் இன்று இல்லை. அக்கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் பணி எங்களிடம் வந்தது. மாற்றி ஒன்றில் இட்டோம். திரையில் தமிழ் வந்தது. ஆனால் 'மாரி' என்று தேடினால் ஓரிடமும் சிக்கவில்லை.

காரணம் பாமினியின் இயல்பில் இருக்கிறது. அது ஒலியை அன்று, உருவத்தைச் சேமிக்கிறது. 'ரி'யிலும் 'ர்' என்பதிலும் ரகரத்தின் கீழ்க்கோடு மறைந்து துணைக்கால் போலவே தோன்றுவதால், அங்கே துணைக்காலுக்குரிய h விசையையே அடிப்பார்கள். 'மாரி' என்பது khhp. மாற்றி இரண்டு h-களையும் துணைக்காலாகவே கொண்டு 'மாாி' என்று எழுதிவிட்டது. சில எழுத்துருக்களில் இது புள்ளிவட்டத்தோடு தெரியும். வேறு சிலவற்றில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. இவ்வாறே nghpahW என்ற பெரியாறு 'பொியாறு' ஆயிற்று. வெளியே என்பது 'வௌியே' ஆயிற்று. கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் மாற்றிக்கு அது ஔகாரம்.

தமிழில் ஓர் உயிர்க்குறியை அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வராது. இந்த விதியே எங்களுக்குக் கைவிளக்கு. முதலில் கோப்பை NFC வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். இல்லையேல் கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமிக்கப்பட்ட சரியான 'ொ'வும் பிழையாகக் காட்டும். பிறகு இப்படித் தேடினோம்:

```
[\u0BBE-\u0BCC][\u0BBE-\u0BCD]
```

மேற்சொன்ன மூன்று வகையும் இதில் அகப்படும். NFC தானாக இவற்றைத் திருத்தாது என்பதையும் சொல்லவேண்டும். 'ாி' என்பது அதன் கணக்கில் பிழையன்று, வேறு எழுத்துவரிசை, அவ்வளவே.

வலையில் சிக்காதது ஒன்று உண்டு. கதை சொன்ன பாட்டி ஒருவர் 'வெளக்கு' என்றே சொல்லியிருந்தார். கோப்பில் ntsf;F. மாற்றி தந்தது 'வௌக்கு'. ஔகாரத்தை அடுத்து மெய் வருவதால் விதிப்படி இதில் குற்றமில்லை. எல்லா ஔகாரத்தையும் 'ெள' என்று உடைத்தால் பாட்டியின் விளக்கு மீளும். கௌமாரியோ 'கெளமாரி' ஆகிவிடுவாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தேடலுக்கும் அகரவரிசைக்கும் வேறு வேறு.

ஆகவே ஔகாரம் வந்த சொற்களை மட்டும் தனியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்தோம். மௌனம், பௌர்ணமி, கௌமாரி ஆகியவை நின்றன. வெளக்கும் வெளயாட்டும் ளகரத்துக்குத் திரும்பின. 'விளக்கு' என்று திருத்திவிடலாமே என்றார் ஒருவர். பாட்டி அப்படிச் சொல்லவில்லை என்பதால் விட்டுவிட்டோம். பாமினிக் கோப்பையும் அழிக்காமல் உடன் வைத்திருக்கிறோம். ஐயம் எழும்போது எந்த விசை அடிக்கப்பட்டது என்பதை அதுதான் சொல்லும்.