சந்திப்பு தள்ளலாம், தவணை தள்ளக் கூடாது

வங்கி அதிகாரியோடு பேசக் குறித்த நாளை மாற்றக் கேட்பதும், தவணை தவறாது என்று உறுதி சொல்வதும் இரண்டு வேலைகள். பெங்களூரின் தெற்கு ஓரத்தில், ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் கடன் வாங்கி எந்திரம் ஓட்டும் சிறு பட்டறைக்காரர்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒரே போன் அழைப்பில் முடித்துவிடுகிறார்கள். “அடுத்த வாரம் வரேன் சார், பணம் கரெக்டா கட்டிடுவேன்” என்பதோடு பேச்சு முடிகிறது. சொல்பவர் உண்மையாகத்தான் சொல்கிறார். ஆனால் இந்த வாக்கை வைத்துக்கொண்டு அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது.

காரணம் அதிகாரியின் வேலை முறையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் 12 அன்று அளித்த விளக்கத்தின்படி, தவணை நாளன்று வங்கியின் நாள் முடிவுக் கணக்கு ஓடும்போது பணம் வந்திருக்காவிட்டால், அன்றைய தேதியிலேயே அந்தக் கணக்கு நிலுவையில் விழுந்ததாகப் பதிவாகிவிடும். அதுவே எஸ்.எம்.ஏ. எனப்படும் முன்னெச்சரிக்கைப் பட்டியலின் முதல் படி. நிலுவை முப்பது நாளைத் தாண்டினால் இரண்டாம் படி, அறுபதைத் தாண்டினால் மூன்றாம் படி, தொண்ணூறைத் தாண்டினால் வாராக்கடன். இந்தப் பட்டியலைக் கணினி தானாகவே எடுத்துவிடுகிறது. மேனேஜருக்குத் தெரிந்தவர் என்பதற்காக ஒரு பெயரை அதிலிருந்து நீக்க வழியில்லை. கடனாளி சந்திப்பைத் தள்ளிப் போடும்போது அதிகாரி மனத்தில் முதலில் எழும் கேள்வி, இவர் இந்தப் பட்டியலுக்கு வரப்போகிறாரா என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நாளை மாற்றுவது அவருக்குப் பெரிய விஷயமல்ல.

எந்தப் பேச்சு தள்ளப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். புதிய எந்திரத்துக்குக் கூடுதல் கடன் கேட்கும் பேச்சு என்றால், ஒரு மாதம் தள்ளினாலும் நடப்புக் கடனுக்குச் சேதமில்லை. சி.சி. கணக்கின் ஆண்டுப் புதுப்பிப்புப் பேச்சு அப்படிப்பட்டதல்ல. சி.சி. லிமிட்டுக்குக் காலாவதி நாள் உண்டு. அந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் புதுப்பிக்கப்படாத கணக்கு, வட்டி ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தாலும், வாராக்கடனாகக் கருதப்படும். அவ்வளவு நாள் காத்திருக்கவும் தேவையில்லை. லிமிட் காலாவதியானதும் பல வங்கிகளில் கணினி அந்தக் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை நிறுத்திவிடும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து எடுக்கும் பணமும் ஒழுங்கற்றதாகவே எண்ணப்படும். எனவே சந்திப்பு தள்ளிப் போனாலும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தன் தேதியில் போய்ச் சேர வேண்டும்.

ஒரு பட்டறையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு சி.என்.சி. எந்திரங்கள். எந்திரக் கடன் 30 லட்சம், ஐந்தாண்டு, வட்டி பத்தரை சதவீதம். மாதத் தவணை சுமார் 64,500 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அதே கிளையிலுள்ள சி.சி. கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. சி.சி. லிமிட் 50 லட்சம், காலாவதி அக்டோபர் 31. புதுப்பிப்புப் பேச்சு அக்டோபர் 27 அன்று. அதே நாளில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் தர ஆய்வுக் குழு பட்டறைக்கு வருவதாகச் செய்தி வருகிறது. உரிமையாளர் பட்டறையில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே பேச்சை நவம்பர் 4க்கு மாற்றக் கேட்கிறார். சி.சி. கணக்கில் எடுக்க இன்னும் எட்டு லட்சம் மீதியிருக்கிறது. தவணைக்குக் கவலையில்லை என்றே அவருக்குத் தோன்றும்.

சிக்கல் அங்கேதான். அக்டோபர் 31 இரவோடு லிமிட் முடிகிறது. நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவம், வங்கி விடுமுறை. 4ஆம் தேதி பேசினாலும் அன்றே ஒப்புதல் வந்துவிடாது. பல வங்கிகளில் ஒப்புதல் கிளையில் நடப்பதில்லை, சிறுதொழில் கடன்களுக்கென்ற தனி மையத்துக்குக் கோப்பு போய் வர வேண்டும். 5ஆம் தேதி கணினி தவணையை எடுக்கப் பார்க்கும். லிமிட் உயிரோடில்லாத கணக்கிலிருந்து எடுக்க முடியாது. கையில் எட்டு லட்சம் இருந்தும் எந்திரக் கடன் அன்றிரவே பட்டியலில் ஏறிவிடும். தள்ளப்பட்ட சந்திப்பு, தவணைப் பணம் போகும் வழியிலேயே குறுக்கே நிற்கிறது.

ஆகையால் உறுதி சொல்வதற்கு முன் பணம் எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எந்த முறையில் போகிறது என்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். தவணை வேறு வங்கிக் கணக்கிலிருந்து நாச் முறையில் எடுக்கப்படுவதாக இருந்தால், 2021 ஆகஸ்ட் 1 முதல் அது ஞாயிறு, விடுமுறை எல்லா நாளும் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை தவணைக்கு வெள்ளிக்கிழமையே இருப்பை உறுதி செய்துகொள்வது நல்லது.

மேலே சொன்ன பட்டறைக்காரர் முதலில் போனில் பேசி, அன்றே கிளை அதிகாரிக்கும் கடன் மையத்துக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

“27ஆம் தேதி வாடிக்கையாளரின் தர ஆய்வு இருப்பதால் புதுப்பிப்புப் பேச்சை நவம்பர் 4 காலை 11 மணிக்கு மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். 5ஆம் தேதியும் வசதிப்படும். தணிக்கை செய்த கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டன்கள், செப்டம்பர் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். லிமிட் அக்டோபர் 31 அன்று முடிவதால் ஒப்புதல் வரும் வரை குறுகிய கால நீட்டிப்பு தர வேண்டும். அது 3ஆம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் எந்திரக் கடனின் நவம்பர் தவணையை என் மற்றொரு வங்கிக் கணக்கிலிருந்து 5ஆம் தேதி காலையில் கடன் கணக்குக்கே நேராக அனுப்பிவிடுவேன். தொகை அந்தக் கணக்கில் இருக்கிறது.”

இதில் ஒவ்வொரு வரியும் அதிகாரியின் ஒரு வேலையைக் குறைக்கிறது. காரணம் ஒன்றுதான், அதுவும் சரிபார்க்கக்கூடியது. ஓசூர் சாலை நெரிசல், வீட்டு விசேஷம், உடல்நலம் என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால் நம்பிக்கை குறையும். ஆவணங்கள் முன்பே வந்துவிடுவதால் சந்திப்பு தள்ளினாலும் கோப்பு நகரும். நீட்டிப்பை எழுத்தில் கேட்பதால் அதை மேலிடத்துக்கு அனுப்ப அவருக்கு ஆதாரம் கிடைக்கிறது. தவணைக்கு மாற்று வழி, நாள், பணம் இருக்கும் இடம் மூன்றும் சொல்லப்பட்டுவிட்டன.

தவணையை முன்கூட்டியே அக்டோபர் 30 அன்றே கட்டிவிடலாமே என்று தோன்றும். சில வங்கிகளின் கணினி அதை அசலுக்கான கூடுதல் தொகையாக வரவு வைத்துவிட்டு, 5ஆம் தேதி தவணையைத் தனியாகக் கேட்கும். அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு கட்டுவதே சரி. கட்டியபின் வந்த குறிப்பு எண்ணை அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்பி, கடன் கணக்கில் நிலுவை இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாக்கு எங்கே உடைகிறது என்பதும் தெரிந்ததே. வாடிக்கையாளரிடமிருந்து 3ஆம் தேதி பில் பணம் வரும், அதிலிருந்து கட்டுவேன் என்று சொல்வது உறுதியாகாது, அது எதிர்பார்ப்பு. அதை நம்பித் தேதி கொடுத்து, பணம் வராமல் போனால், அடுத்த முறை உண்மையான காரணம் சொன்னாலும் எடுபடாது. கையில் இருக்கும் பணத்தை வைத்து மட்டுமே தேதி சொல்ல வேண்டும்.

தவணையே கட்ட முடியாத நிலை வருமென்று தெரிந்தால் சந்திப்பைத் தள்ளவே கூடாது, முன்னுக்கு இழுக்க வேண்டும். 25 கோடி வரை கடனுள்ள சிறுதொழில்களின் புத்துயிர்ப்புக்கு 2016 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறையில், நெருக்கடி வரும் என்று அஞ்சும் கடனாளி தானே விண்ணப்பிக்க இடமுண்டு. வங்கியின் குழு அதைப் பரிசீலித்துத் தவணைகளைத் திருத்தி அமைக்கலாம். அந்த விண்ணப்பத்துக்குரிய காலத்தை “கட்டிடுவேன் சார்” என்று சொல்லிக் கழித்துவிட்டால், பிறகு பேச மிஞ்சுவது வாராக்கடனைப் பற்றித்தான்.