சூரியன் மறைந்த பின் வந்த படம்



இந்த வாரம் ஒரு மகனையும் அவனுடைய நண்பனையும் பற்றி எழுதுகிறேன். இருவரும், அவர்களுடைய பெற்றோரும் சம்மதித்த பின்பே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னுடைய பிழையை மட்டும் மாற்றவில்லை.

அந்த மகன் பதினோராம் வகுப்பு மாணவன். தகப்பனாருக்கு மறைமலைநகரில் வேலை கிடைத்ததால், குடும்பம் தென்மாவட்டத்திலிருந்து பொத்தேரிக்கு வந்தது. புதிய பள்ளியில் அவன் பேச்சைக் கேட்டு வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவனுக்கு இயல்பாகவே கூச்சம் அதிகம். சிரிப்புக்குப் பயந்து பேசுவதையே குறைத்துக்கொண்டான். அவனோடு நெருங்கியவன் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து படிக்கும் ஒரு மாணவன் மட்டுமே.

மனம் சோர்ந்த நாட்களில் இவன் மாலையில் மொட்டைமாடிக்குப் போவான். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் சூரியன் இறங்குவதைக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்த நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அதோடு ஒரு வார்த்தையும் எழுதமாட்டான்.

முதலில் நண்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சூப்பர் டா" என்று எழுதினான், கட்டைவிரல் படம் போட்டான். சில வாரங்களுக்குப் பின் ஒன்றைக் கவனித்தான். வகுப்பில் இவனை எழுப்பி வாசிக்கச் சொன்ன நாள், மதிப்பெண் கொடுத்த நாள், மதிய உணவை இவன் தனியாக உண்ட நாள் என்று அப்படிப்பட்ட நாட்களில்தான் படம் வந்தது. மகிழ்ச்சியான நாட்களிலும் வானம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது படம் வரவில்லை.

அதன்பின் நண்பன் படத்தைப் புகழ்வதை விட்டுவிட்டு, "என்னாச்சு? ஏன் டா டல்லா இருக்க?" என்று கேட்டான். பதில் வரவில்லை. ஒரு வார்த்தையும் எழுத முடியாதவனிடம் முழுக்கதையையும் கேட்டால் அவன் எங்கே தொடங்குவான்? அடுத்த முறை நண்பன் கேள்வியைச் சிறிதாக்கினான்: "பாத்தேன் டா. சாப்டியா?" சற்று நேரத்தில் "இல்ல" என்று வந்தது. அதுதான் முதல் பதில். "போய் சாப்டு. நான் ஆன்லைன்லதான் இருக்கேன்" என்று எழுதினான். சில நாட்கள் கழித்து, "நாளைக்கு ஸ்டேஷன் படிக்கட்டுகிட்ட நில்லு, சேர்ந்து போலாம்" என்று எழுதினான். படம் வரும், சிறிய கேள்வி போகும், ஒற்றைச் சொல்லில் விடை வரும். இருவருக்கும் அது ஒரு பாஷையாகிவிட்டது.

இப்போது என் பிழையைச் சொல்லுகிறேன். அந்த மகன் ஒருமுறை எனக்கும் ஒரு சூரிய அஸ்தமனப் படத்தை அனுப்பியிருந்தான். நான் கைகூப்பும் சின்னத்தைப் போட்டு, "தேவனுடைய கிரியை எவ்வளவு அழகு, தம்பி" என்று பதில் எழுதினேன். அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலை அதே படத்தின்மேல் ஒரு வசனத்தைப் பதித்து, சபையின் வாட்ஸ்அப் குழுவில் காலை வாழ்த்தாக அனுப்பினேன். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆமென் என்று எழுதினார்கள். அவன் அதையெல்லாம் வாசித்திருப்பான். அதற்குப் பின் எனக்குப் படம் அனுப்பவில்லை. அனுப்பவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, ஓர் இரவு 10 மணிக்கு நண்பனுக்கு ஒரு படம் வந்தது. அந்த மாதத்தில் நம் பகுதியில் 6 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். அன்றைக்கோ விடியற்காலை முதல் விடாத மழை, சூரியனை யாருமே காணவில்லை. நண்பன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். தொட்டியின்மேல் ஒரு சிவப்புத் துண்டு உலர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வந்த அதே படம் என்று அறிந்துகொண்டான். மாடிக்கும் போகாமல், பழைய படத்தை எடுத்து, அந்த நேரத்தில் அனுப்பியிருக்கிறான் என்றால் இது வழக்கமான சோர்வு அல்ல என்று அவனுக்குத் தோன்றியது.

"சாப்டியா?" என்று கேட்டான். பதில் இல்லை. உடனே அழைத்தான். மூன்றாம் முறைதான் இவன் எடுத்தான். நண்பன் சுற்றிவளைக்காமல் கேட்டான்: "செத்துடலாம்னு தோணுதா டா?" நெடுநேரம் மௌனம். பிறகு, "ஆமா டா. யார்கிட்டயும் சொல்லாத."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு நண்பன் கீழ்ப்படியவில்லை. "போன வைக்காத. வீட்ல யார் இருக்காங்க?" என்று கேட்டு, அம்மா உறங்குகிறார் என்று தெரிந்ததும், தன் தாயாரை எழுப்பி அவருடைய போனிலிருந்து இவன் தாயாரை அழைக்கச் செய்தான். தாய் அறைக்குள் வந்துவிட்டதைக் காதால் கேட்கும்வரை பேசிக்கொண்டே இருந்தான். பின்பு தன் தகப்பனாரோடு மழையில் இருசக்கர வாகனத்தில் பொத்தேரிக்கு வந்து சேர்ந்தான். அன்றிரவு அவனைத் தனியே விடவில்லை. ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்கள். எனக்குச் செய்தி வந்தது அதன் பிறகுதான்.

அன்பானவர்களே, தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அது அப்படியல்ல என்றே மனநல மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். தெளிவாகவும் கனிவாகவும் கேட்பது, ஒளித்து வைத்திருப்பவனுக்குப் பாரத்தை இறக்கிவைக்கும் வாசலாகிறது. அவன் ஆம் என்று சொன்னால், ரகசியம் காப்பது நட்பு ஆகாது. ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தனியே சுமக்கக்கூடிய செய்தி அல்ல அது. 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் இதைப் பதிந்துகொடுங்கள்.

நண்பனுடைய பதில்களை எண்ணிப் பார்க்கையில் எலியா தீர்க்கதரிசியின் நினைவு வருகிறது. சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்திருந்தவரிடம் வந்த தூதன் உபதேசம் செய்யவில்லை. தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான், மீண்டும் உறங்கவிட்டான், திரும்பவும் வந்து உண்ணச் சொன்னான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற பெரிய கேள்வியை ஆண்டவர் கேட்டது, அவர் பெலனடைந்து ஓரேப் மலையை அடைந்த பிறகே. வேதாகமக் கல்லூரியில் இந்தப் பகுதியைப் பாடமாகவே படித்தேன். ஊரப்பாக்கத்துப் பையன் அதைச் செய்து காட்டினான்.

இவன் நண்பனோடு பத்து நாட்கள் பேசவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டான் என்ற கோபம். நண்பனும் வாதாடவில்லை. பதினோராம் நாள் மாலை படம் வந்தது. அன்றைய வானம். "பாத்தேன் டா. சாப்டியா?" என்று எழுதினான் நண்பன்.

சிகிச்சை தொடருகிறது. தேர்வு நெருங்கும்போது சோர்வு திரும்புகிறது, படமும் வருகிறது. நான் அவன் வீட்டுக்குப் போய், படத்தை எடுத்து உபயோகித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். தலைகுனிந்தபடி, "பரவால்ல ஐயா" என்றான். போன வியாழக்கிழமை மாலை, பல மாதங்களுக்குப் பின், எனக்கும் ஒரு படம் அனுப்பினான். வசனம் எழுதப் போன விரலை நிறுத்திக்கொண்டேன்.

"பார்த்தேன், தம்பி. சாப்பிட்டாயா?" என்று மட்டும் எழுதினேன்.

"இனிமேதான் ஐயா" என்று பதில் வந்தது.