எட்டு போட்டவனுக்கு எட்டு ஆண்டுகள்

52ஆம் வயதில் இருசக்கர வாகனத்துக்கான ஓட்டுநர் உரிமம் பெற்றுவிட்டேன். படத்தில் திகைத்து நிற்பவன் அடியேன்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமத்தின் ஆயுளை வயதைக் கொண்டே அளக்கிறது. 30 வயதுக்குள் பெற்றால் 40 நிறையும் வரை செல்லும். 30 முதல் 50க்குள் என்றால் பத்தாண்டுகள். 50 முதல் 55க்குள் என்றால் 60 நிறையும் வரை மட்டுமே. ஆகவே, என்னோடு தேர்வுத் தடத்தில் எட்டு போட்ட 20 வயது மாணவிக்கு இருபது ஆண்டுகள். எனக்கோ, போட்டது போலவே, எட்டு. நாற்பதைக் கடந்தவனாதலால் மருத்துவச் சான்றும் தனியே கேட்டார்கள்.

வியப்பு என்னவெனில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளும் என்போன்ற முனைவர் பட்ட ஆய்வாளனுக்கு மறுபதிவு உட்பட எட்டு ஆண்டுகளையே வரம்பாக வைத்திருக்கின்றன. ஆய்வில் ஐந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. எஞ்சிய மூன்றில், நூலகம் மூடும் வரை அமர்ந்து படிக்கலாம்; கடைசிப் பேருந்தை நினைத்து இனி எழ வேண்டியதில்லை. உரிமத்தையாவது 60இல் புதுப்பித்துக்கொள்ளலாம்; ஆய்வேட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.