சிவப்பெல்லாம் ஆபத்தல்ல!

புதுச்சேரியின் பழைய வீடுகளில் கனத்த செங்கல் சுவர். அதன்மேல் பிற்காலத்தில் ஓட்டிய மின்கம்பிகள். கூடவே கடலின் உப்புக் காற்று. பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்க வேறென்ன வேண்டும்? எங்கள் வீட்டைச் சோதிக்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, இம்முறை ஒரு தெர்மல் கேமராவும் கொண்டுவந்திருந்தார்.

அதன் திரையில் மேற்குச் சுவர் முழுக்க மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தது. எனக்குப் பகீரென்றது. "பயப்படாதீங்கக்கா, சாயங்கால வெயில் குடிச்ச சூடு இது. விடியற்காலையில பார்த்தா இருக்காது" என்றார் தம்பி. ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான் அறியும். காட்சியில் உள்ளதிலேயே குளிர்ந்த இடத்துக்குக் கருநீலம், சூடான இடத்துக்கு மஞ்சள் அல்லது வெள்ளை என்று அதுவே நிறங்களைப் பங்கிட்டுக்கொள்கிறது. இரண்டே டிகிரி வித்தியாசமும் செக்கச்செவேலென்று தெரியலாம். ஆகவே நிறத்தை நம்பாமல், ஓரத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜின் பக்கவாட்டிலும் சிவப்பு! உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும் குழாய்கள் பல ஃப்ரிட்ஜ்களில் அங்கேதான் ஓடுகின்றன, அது இயல்பே. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரமோ நேர்மாறு. கொதிநீர் இருந்தாலும் குளிர்ந்ததுபோலக் காட்டும். ஏனெனில் அது எதிரே இருப்பவற்றின் சூட்டைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கிறது. அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டு அந்த டேப்பைப் பார்த்தால் உண்மை தெரியும்.

விஷயம் இருந்தது குளியலறை கீஸர் பிளக்கில். 2,000 வாட் கீஸர், சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். மின்சாரம் ஓடினால்தானே சூடு தெரியும்? அதனால் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். பக்கத்து ஸ்விட்ச் 34 டிகிரி. பிளக்கின் ஒரு துளை மட்டும் 71! வயர் முழுக்க ஒரே சீராகச் சுட்டால் பாரம் அதிகம் என்று பொருள். ஒரே முனை சுட்டால் அங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். மெயினை அணைத்துக் கழற்றினால், திருகு ஆடிக்கொண்டிருந்தது, முனை கறுத்திருந்தது. தளர்ந்த இடத்தில் மின்சாரம் தடுமாறும், சூடாகும். சூட்டில் பித்தளை இன்னும் கருகும், பிடிப்பு இன்னும் தளரும். இப்படியே வளர்ந்துதான் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கிறது. மின்சாரத்தின் அளவு கூடுவதில்லையாதலால் ஃபியூஸும் போகாது!

கருகிய வயர் நுனியை வெட்டிவிட்டுப் புது சாக்கெட் பொருத்தினார். மறுபடி பத்து நிமிடம் கீஸரை ஓட்டிப் பார்த்தபோது 38 டிகிரிதான்.

கேமரா இல்லாத வீட்டிலும் அடையாளம் உண்டு: பிளக்கைச் சுற்றிப் பழுப்புக் கறை, கருகிய மீன் போன்ற நாற்றம், 'சிர்' என்ற சத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பிளக்கைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.