திண்ணையும் பன்னிரண்டு கட்டங்களும்

போன மாதம் என் பேத்தி ஒரு கட்டுப் புகைப்படங்களை மேசைமேல் வைத்து, "தாத்தா, நீங்க நல்லா வரைவீங்கன்னு பாட்டி சொல்வாங்களே, இதையெல்லாம் கட்டம் கட்டமா வரைஞ்சு குடுங்க" என்றாள். அவள் ஒரு குறும்படம் எடுக்கிறாள். எட்டு நிமிஷம். அந்த வீட்டுக்காரர் திண்ணையை ஒரே ஒரு நாள்தான் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நின்று யோசிக்க நேரம் இராது, எதை எங்கிருந்து எடுப்பது என்பது முன்னாலேயே காகிதத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயராம். சத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி'க்கு முழுத் திரைக்கதை எழுதிக்கொள்ளாமல், படங்களும் குறிப்புகளுமாகத்தான் வைத்திருந்தார் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாள்.

கதை என்னுடையது. நான் எப்போதோ சொன்னதை அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். புதுவையில் வளர்ந்தவர்களுக்கு 'சொல்தா' என்றால் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள். அவர்கள் போனபின் விதவைகளுக்குப் பென்ஷன் வரும், ஆனால் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை, 'செர்த்திஃபிகா த வீ' என்பார்கள், உரிய காலத்தில் அனுப்ப வேண்டும். எங்கள் தெருவில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த பையன் நான் ஒருவன்தான். பதினேழு வயது. ஒரு பாட்டியம்மாள் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பந்து விளையாடப் போகிற அவசரம் எனக்கு. "நாளைக்கு வாங்க ஆயா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அடுத்த தவணைப் பணம் அவருக்கு வரவில்லை.

படம் இன்றைய காலத்தில் நடக்கிறது. பையன் கையில் கைப்பேசி. மற்றதெல்லாம் அப்படியே. ஆயா திண்ணைக்கு வருகிறார், பையன் நாளைக்கு என்கிறான், ஆயா தனியாகவே வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே கான்சுலேட்டை நோக்கி நடக்கிறார், மூடியிருக்கிறது, கடற்கரையில் போய் நிற்கிறார்.

முதல் மூன்று கட்டங்களை வரைந்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி கரிக்கோலால் நிழல் போட்டு, தூண் சிற்பமெல்லாம் இழைத்து வரைந்தேன். நான்காவதை அலுப்பில் பேனாவால் கிறுக்கினேன். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வெவ்வேறு படங்கள் போல இருந்தன. படப்பிடிப்பில் இதைக் கையில் வைத்திருப்பவன் கோடு மாறுவதைப் பார்த்து, 'இங்கே வெளிச்சம் மாறுகிறதா, இரவாகிவிட்டதா' என்று கேட்பானாம். அதனால் விதி ஒன்று செய்துகொண்டோம். அருகில் இருப்பதற்குத் தடித்த மார்க்கர், பின்னால் இருப்பதற்கு மெல்லிய பேனா, நிழலுக்கு ஒரே பென்சில் சாம்பல். வேறு எதுவும் கூடாது. முகம் வேண்டாம், மூக்கு எந்தப் பக்கம் என்று ஒரு சின்னக் கோடு போதும். ஆயாவுக்கு எல்லாக் கட்டத்திலும் கொண்டையும் துணிப்பையும், பையனுக்குத் தொப்பி. அதன்பிறகு ஒரு கட்டம் கால்மணி நேரத்தில் முடிந்தது. படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே டிரேசிங் தாளை வைத்தால் பகல் வெளிச்சமே வரைந்து கொடுத்துவிடும். அலுவலகத்தில் மனை வரைபடங்களை நகல் எடுத்த கை, மறக்கவில்லை.

கட்டத்தின் அளவு 16 சென்டிமீட்டர் அகலம், 9 உயரம். திரையின் விகிதம் அதுதான். கைப்பேசிப் படம் அதைவிட உயரமானது. 16 அகலத்துக்கு அச்சடித்தால் 12 உயரம் வரும், மேலோ கீழோ மூன்று சென்டிமீட்டரை விட்டுவிட வேண்டும். இது எளிதுதான். இடறியது வேறோர் இடத்தில்.

திண்ணைப் படம் மிக அழகாக விழுந்திருந்தது. இரண்டு தூண், நடுவே கதவு, படி, எல்லாம். அதை அப்படியே வரைந்து, 'ஆயா படியில், பையன் தூணருகே' என்று எழுதினேன். பேத்தியின் நண்பன் தன் கேமராவைக் கொண்டுவந்தான். அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸ். பின்னணி மங்கலாக அழகாக வரும் என்று அவளுக்கு அதன்மேல் ஆசை. எனக்கு ஒரு சந்தேகம். கைப்பேசியை வைத்த அதே இடத்தில் கேமராவையும் வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் 16 சென்டிமீட்டர் அச்சில் ஐந்தரை சென்டிமீட்டர் அகலம்தான் அந்தக் கேமராவுக்குத் தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கு! கதவும் ஒரு தூணின் பாதியும். அந்தக் கேமராவுக்குள் இருக்கும் சென்சார் சிறியது, அதனால் 50 இன்னும் நெருக்கிக் காட்டுகிறது என்று பையன் விளக்கினான். திண்ணை முழுவதும், அதாவது மூன்று மீட்டர் அகலம், அதில் விழ வேண்டுமானால் ஆறரை மீட்டர் பின்னால் போக வேண்டும். போனால் எதிர்வீட்டு வாசற்படி. நடுவில் தெரு, தெருவில் வண்டிகள். நான் வரைந்த கட்டத்தை அந்த லென்ஸால் எடுக்கவே முடியாது.

அவனிடம் 18 என்ற அகல லென்ஸும் இருந்தது. அது கைப்பேசி காட்டும் அளவுக்கே ஏறக்குறைய காட்டியது. திண்ணை முழுதாக வரும் கட்டங்களுக்கு 18, கையும் படிவமும் வரும் நெருக்கக் கட்டங்களுக்கு 50 என்று பிரித்தோம். அட்டையில் ஐந்தரைக்கு மூன்று என்று ஒரு ஓட்டை வெட்டி, அச்சின்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்துத்தான் 50-க்கான கட்டங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் லென்ஸ், கேமராவின் உயரம், எத்தனை விநாடி என்ற மூன்றும் எழுதினேன். ஆள் நடந்தால் கட்டத்துக்குள் அம்பு, கேமரா நகர்ந்தால் கட்டத்துக்கு வெளியே அம்பு.

உயரத்தை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். தெருப் படத்தில் ஆயாவை நடுவில் வரைந்தேன், குழந்தை மாதிரி இருந்தார். பெரிதாக வரைந்தேன், பூதம் மாதிரி ஆனார். பிறகுதான் பள்ளியில் படித்த 'புவேன் த் ஃபுயித்' நினைவுக்கு வந்தது. நடைபாதை ஓரம், சுவர் விளிம்பு, இரண்டையும் அளவுகோலால் நீட்டினால் ஓரிடத்தில் சேரும். அந்தப் புள்ளி வழியாகக் குறுக்கே ஒரு கோடு. அதுதான் கேமராவின் உயரம். என் பேத்தி நின்றபடி கண்மட்டத்தில், ஏறக்குறைய 150 சென்டிமீட்டரில் பிடித்திருந்தாள். சமதரையில் நிற்கும் அவள் உயரத்து ஆளின் கண், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அந்தக் கோட்டிலேயே இருக்கும், பாதம் மட்டும்தான் மேலே ஏறும். கூன் விழுந்த ஆயாவுக்கு உச்சந்தலையே அந்தக் கோட்டைத் தொடாது. இப்படி வைத்ததும் ஆயா தெருவில் கால் ஊன்றி நின்றார்.

கடற்கரையில் அந்தக் கோட்டைத் தேட வேண்டியதே இல்லை. கடலும் வானமும் சேரும் இடமே அது. பேத்தி எடுத்த படத்தில் அது ஆயாவின் கழுத்தை அறுப்பதுபோல் போயிற்று. கேமராவை 80 சென்டிமீட்டருக்கு இறக்கினால் கோடு இடுப்புக்கு வந்துவிடும், தலை வானத்தில் தனியாக நிற்கும். அப்படியே எழுதினேன்.

நடக்கும் கட்டங்களில் இன்னொரு வேடிக்கை. ஐந்தாவதில் ஆயா இடமிருந்து வலமாகப் போகிறார். ஆறாவது படத்தை அவள் தெருவின் மறுபக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள், வலமிருந்து இடம். அடுத்தடுத்துப் பார்த்தால் ஆயா பாதிவழியில் வீட்டுக்குத் திரும்புகிறார்! தெருவின் படம் ஒன்றை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, ஆயா நடக்கும் கோட்டைக் கிழக்காகப் போட்டு, கேமராவை எப்போதும் தெற்கு ஓரத்திலேயே நிறுத்தினோம். பிரெஞ்சில் வரைபடத்துக்கும் 'ப்ளான்', சினிமாவில் ஒரு ஷாட்டுக்கும் 'ப்ளான்'. ஒரே சொல் ஏன் என்று எனக்கு அன்றுதான் பொருத்தமாகப் பட்டது. நிழலையும் அப்போதுதான் திருத்தினேன். அவள் படம் பிடித்தது மாலை நான்கு மணி, நிழல் வலப்பக்கம். படப்பிடிப்போ காலை ஏழு மணி. நிழல் இடப்பக்கம் விழ வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று பன்னிரண்டு கட்டங்களையும் தரையில் பரப்பினேன். பேத்தி குனிந்து பார்த்தாள். முதலில், "இங்க மீட்டர் பாக்ஸ் இருக்கே, ஸ்கூட்டர் இருக்கே, எங்க தாத்தா?" என்றாள். நான் வரையவில்லை. என் காலத்துத் திண்ணையை வரைந்துவிட்டிருக்கிறேன். மீட்டர் பெட்டி ஆயாவின் தலைக்கு நேர்மேலே வருகிறது, ஸ்கூட்டரை அகற்ற முந்தைய நாளே சொல்லி வைக்க வேண்டும், என் படத்தை நம்பிப் போனால் அன்றைக்கு ஒரு மணி நேரம் வீண். திரும்பப் போட்டேன்.

பிறகு அவள், "அந்தப் பையனை எல்லாத்துலயும் ஏன் முதுகுப் பக்கமாவே வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

பார்த்தேன். நான்கு கட்டத்தில் வருகிறான். நான்கிலும் தொப்பியின் பின்புறம். ஒன்றிலும் மூக்குக் கோடு இல்லை. திட்டமிட்டுச் செய்யவில்லை, சத்தியமாக. "புகைப்படம் அப்படித்தான் இருந்தது" என்றேன். புகைப்படத்தில் யாருமே இல்லை, வெறும் திண்ணைதான் என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். நின்றபடி எடுத்த படத்தை வைத்துக்கொண்டு கீழிருந்து பார்ப்பதை வரைய முடியாது, தளமும் தூணும் வேறு மாதிரி விழும். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. கைப்பேசியை என் கண்மட்டத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து நிமிர்த்தினேன். மேலே திண்ணை விளிம்பில் பேத்தி தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். பள்ளியில் கற்றுக்கொள்ளாத, இவளிடம் கற்றுக்கொண்ட சொல், 'கொந்த்ர் ப்ளோன்ழே'. கீழிருந்து மேல்நோக்கு. தாழ்வாரத்து உத்திரங்கள் அவள் தலைக்குப் பின்னால் வரிசையாகத் தெரிந்தன. அங்கே உட்கார்ந்தால் மேலே நிற்கிறவர் எவ்வளவு உயரமாகத் தெரிகிறார் என்று அன்றுதான் பார்த்தேன்.

ஏழாவது கட்டத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். தொப்பி, மூக்கு, கையில் கைப்பேசி. கீழே எழுதினேன்: லென்ஸ் 18, உயரம் 100 செ.மீ., மேல்நோக்கு, கேமரா அசையாது, 4 விநாடி.

பேத்தி 4-ஐ அடித்துவிட்டு 9 என்று எழுதினாள்.